மார்கழி இரவுகளில் கன்றையும் குஞ்சையும் காப்பது எப்படி: எங்கள் தளிப் பக்கத்து அனுபவம்

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டை வட்டத்தில், தளிக்குப் பக்கம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் என்பதால் கார்த்திகை பாதியிலேயே பனி இறங்க ஆரம்பித்துவிடும். மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் 10, 12 டிகிரி வரைக்கும் போகிற நாட்கள் உண்டு. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கன்றும் குஞ்சும் வளர்க்கிறவர்களுக்கு அந்தப் பழமொழியில் முதல் பாதிதான் முக்கியம். குளிர் மேலேயிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகமாக ஏறுகிறது.

பெரிய மாட்டுக்கு 10 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. அதன் வயிற்றுக்குள் தாள் செரிக்கும்போதே சூடு உண்டாகிறது. கன்றுக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை. பிறந்து மூன்று வாரம் வரை, சுற்றிலும் 15 டிகிரிக்குக் கீழே போனாலே அது தன் உடம்புச் சத்தை எரித்துத்தான் சூட்டைக் காத்துக்கொள்ள வேண்டும். குடித்த பாலில் வளர்ச்சிக்குப் போக வேண்டியது சூட்டுக்குப் போய்விடும். மயிர் நனைந்திருந்தாலோ, மேலே காற்று பட்டுக்கொண்டே இருந்தாலோ, 18 டிகிரியிலேயே அது நடுங்கும். கோழிக்குஞ்சுக்கு நிலைமை இன்னும் மோசம். பிறந்த முதல் பத்து, பதினைந்து நாளைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே சரியாகக் காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது.

அதனால் நான் பார்ப்பது மூன்றே விஷயம். அது படுக்கிற இடம் காய்ந்திருக்கிறதா, படுத்த உயரத்தில் காற்று அடிக்கிறதா, இரவு முழுவதும் தாங்குகிற அளவுக்கு வயிற்றில் சூடாக ஏதாவது இருக்கிறதா. இதில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் வீணாகிவிடும்.

கல் தரையும் ராகித் தாளும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கற்பலகைக்குப் பஞ்சமில்லை. வீட்டுச் சுவரும் கல், வேலியும் கல், மாட்டுக் கொட்டகைத் தரையும் கல். கழுவ வசதி, மாடு வழுக்காது, பல வருஷம் உழைக்கும். எல்லாம் சரி. ஆனால் மார்கழி இரவில் அந்தக் கல்லின் மேல் வெறும் காலை வைத்துப் பாருங்கள். கன்று ஒரு நாளின் பெரும்பகுதியைப் படுத்தேதான் கழிக்கிறது. வயிறும் நெஞ்சும் அந்தக் கல்லில் பட்டிருந்தால், உடம்புச் சூடு விடிய விடியக் கல்லுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சிமெண்ட் தரையும் அப்படித்தான். மேலே இரண்டு கம்பளி போர்த்தினாலும் கீழே போகிற சூட்டை அது தடுக்காது.

நாங்கள் கன்றுக்குக் கொட்டகையின் ஒரு மூலையில் நாலடிக்கு ஐந்தடி இடம் மூங்கில் வைத்துத் தடுத்திருக்கிறோம். அடியில் காய்ந்த மரத்தூளோ நார்க்கழிவோ நாலு விரற்கடை உயரத்துக்குப் போடுவோம். இது சூட்டுக்காக அல்ல, கோமியத்தை உறிஞ்சத்தான். அதற்கு மேலே ராகித் தாளைப் பிரித்து, உதறி, ஒரு அடி உயரத்துக்குப் போடுவோம். கட்டாகவே போட்டால் பயன் இல்லை. உதறிப் போட்டால்தான் தாளுக்கு நடுவே காற்று தங்கும், அந்தக் காற்றுதான் கன்றின் சூட்டைப் பிடித்து வைக்கிறது.

போதுமான அளவு போட்டிருக்கிறோமா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கன்று படுத்த பிறகு கால்களைப் பாருங்கள். நாலு காலும் தாளுக்குள் மறைந்திருந்தால் படுக்கை சரி. முட்டியும் குளம்பும் பாதி வெளியே தெரிந்தால் இன்னும் ஒரு கட்டு தாள் தேவை. முழுக் காலும் வெளியே தெரிந்தால் அது வெறும் தரையில் படுத்திருப்பதாகவே கணக்கு.

ஈரத்துக்கு வேறொரு சோதனை. மாலையில் கன்று படுக்கிற இடத்தில் நான் முட்டி போட்டு, இருபது எண்ணும் வரை உடம்புப் பாரத்தை அழுத்தி நிற்பேன். எழுந்ததும் புடவையில் முட்டிப் பக்கம் ஈரம் தெரிந்தால் அந்த இடத்துத் தாளை எடுத்துவிட வேண்டும். மேலே பார்க்கக் காய்ந்தது போலத்தான் தெரியும், அழுத்தினால்தான் அடியில் இருக்கும் ஈரம் மேலே வரும். ஈரத் தாளில் படுக்கிற கன்றுக்கு வயிற்று மயிர் நனைந்து ஒட்டிப்போகும். ஒட்டிய மயிரில் காற்று தங்காது, சூடும் தங்காது.

தினமும் எல்லாவற்றையும் அள்ளிப் போட வேண்டியதில்லை. நனைந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு மேலே புதுத் தாள் தூவினால் போதும். அடியில் ஈரம் ஊறி நெடி அடிக்க ஆரம்பித்தால் அப்போது மொத்தமாக மாற்றிவிடுவோம். ராகித் தாள் மாட்டுக்குத் தீவனமாயிற்றே, அதைப் போய்க் காலில் போடுவதா என்று என் மாமியாருக்கு முதலில் மனசு வரவில்லை. இப்போது மாடு தின்று ஒதுக்கிய கூளத்தை வெயிலில் நன்றாகக் காய வைத்து அடுக்கி வைத்துவிடுகிறோம். அடிப்பக்கம் கூளம், மேலே மட்டும் புதுத் தாள். காய்ந்த மாவிலைச் சருகும் உதவும். ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பூசணம் பிடித்த தாளைக் கன்றுக்குக் கீழே போடவே கூடாது. கன்று அதைக் கடித்துப் பார்க்கும், மூக்கையும் அதில்தான் வைத்துத் தூங்கும்.

வாடைக்காற்று எந்த உயரத்தில் வருகிறது

மார்கழியில் எங்களுக்குக் காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். அதனால் அந்த இரண்டு பக்கமும் அடைத்தால் பெரும்பாலான வேலை முடிந்தது. ஆனால் எங்கே அடைப்பது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

நாம் நின்றுகொண்டு கன்னத்தில் காற்று படுகிறதா என்று பார்ப்போம். கன்றோ தரையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் படுத்திருக்கிறது. கதவுக்கு அடியில், தகரத்துக்கும் தரைக்கும் நடுவில், சாணி வழித்துவிடும் வாய்க்கால் ஓட்டையில் வருகிற காற்று நமக்குத் தெரியவே தெரியாது. இதற்கு ஒரு ஊதுபத்தி போதும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கன்று படுக்கிற இடத்தில் குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை நேராக மேலே போனால் நல்லது. பக்கவாட்டில் படுத்து ஓடினால், அது வருகிற திசையில் நகர்ந்து போங்கள், ஓட்டை அகப்பட்டுவிடும். தாளில் நெருப்பு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் பழைய உரச் சாக்குகளைக் கழுவிப் பிரித்து, நீளமாகச் சேர்த்துத் தைத்து, தரையிலிருந்து நாலடி உயரத்துக்குத் தொங்க விட்டிருக்கிறோம். கீழ் ஓரத்தில் ஒரு மூங்கில் கழியை நுழைத்துத் தைத்துவிட்டால் காற்றில் படபடக்காது. காலையில் சுருட்டி மேலே கட்டிவிடலாம். நாலடிக்கு மேலே, கூரைக்குக் கீழே இருக்கிற இடைவெளியை அடைப்பதில்லை. அது திறந்தே இருக்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எதிர்த் தோட்டத்து அண்ணன் ஒரு வருஷம் நல்ல மனசோடு கொட்டகையை நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டுத் தரையிலிருந்து கூரை வரைக்கும் மூடிவிட்டார். உள்ளே போனால் நமக்கே இதமாக இருக்கும். ஒரு வாரத்துக்குள் இரண்டு கன்றும் இருமின. மூக்கில் சளி, தொண்டையில் கரகரப்பு, பால் குடிக்கிற வேகம் குறைந்தது. டாக்டர் வந்தவர் ஊசி போடுவதற்கு முன்னால் தகரக் கூரையைத்தான் கையைத் தூக்கிக் காட்டினார். உள்பக்கம் முழுக்க நீர்த்துளி முத்து முத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, உள்ள இருக்கிற மாடு எல்லாம் விடுற மூச்சு வெளிய போக வழியில்ல. அதுதான் மேல போய்த் தண்ணியாகி, திரும்பக் கன்னுக்குட்டி மேலயே சொட்டுது. மூத்திர நெடியும் இங்கயே சுத்துது. சளி பிடிக்காம என்ன செய்யும்?" என்றார்.

மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா நெடி தரையோரம்தான் முதலில் திரளும். நுரையீரலின் உள்தோலை அது அரித்துவிடும், அப்புறம் எந்தக் கிருமி வந்தாலும் சுலபமாக இடம் பிடித்துக்கொள்ளும். அதனால் காலையில் சாக்கைச் சுருட்டுவதற்கு முன் கன்றின் மூக்கு இருக்கிற உயரத்துக்குக் குனிந்து ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தாலோ மூக்கில் சுருக்கென்று ஏறினாலோ மேலே காற்று போகவில்லை, அல்லது தாள் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அண்ணன் மேலே இரண்டடி தார்ப்பாயை மடித்துக் கட்டினார், தகரத்துக்குக் கீழே தென்னங்கீற்று வேய்ந்தார். சொட்டுவது நின்றது. கன்றுகள் மருந்தில் தேறின, ஆனால் அந்த ஒரு மாத வளர்ச்சி போனது போனதுதான்.

கொட்டகை பெரியதாக இருந்தால் முழுவதையும் சூடாக்க நினைக்கவே வேண்டாம். கன்றின் மூலைக்கு மட்டும் மூன்றரை அடி உயரத்தில் மூங்கில் தட்டி வைத்து, அதன் மேல் தாள் பரப்பி, ஒரு சின்னக் குடில் மாதிரி செய்துவிடலாம். முன்பக்கம் திறந்திருக்கட்டும். கன்றின் சூடே அந்தச் சின்ன இடத்தைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளும்.

சிலர் கொட்டகைக்குள் வறட்டியும் சருகும் போட்டு மூட்டம் போடுகிறார்கள். கொசு போகும், குளிரும் போகும் என்பது எண்ணம். புகை மூட்டம் கன்றின் நுரையீரலுக்குக் கெடுதல்தான், சூடும் பாதி ராத்திரியில் அணைந்துவிடும். குளிர் அதிகமாக இருப்பது மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை. அந்த நேரத்தில் சாம்பல்தான் மிச்சம் இருக்கும்.

சாக்கு போர்த்துவது நல்ல பழக்கம். சணல் சாக்கைப் பிரித்து, முதுகில் போட்டு, நெஞ்சுக்கு முன்னாலும் வயிற்றுக்குக் கீழும் கயிற்றால் கட்டலாம். கட்டுக்குள் நாலு விரல் நுழைய வேண்டும், கால் சிக்கக் கூடாது. கன்று நன்றாகக் காய்ந்த பிறகுதான் போர்த்த வேண்டும். காலையில் வெயில் ஏறியதும் கழற்றி உலர்த்த வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்துவதைவிடச் சும்மா விடுவது மேல்.

ராத்திரி இரண்டு மணிக்குப் பிறந்த கன்று

போன மார்கழியில் எங்கள் ஜெர்சி கலப்புப் பசு நடுராத்திரியில் கன்று போட்டது. கிடேரிக் கன்று, எடை 24 கிலோ. அன்று செய்ததை வரிசையாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல் மூன்று மணி நேரம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கன்று வெளியே வரும்போதே முழுக்க நனைந்திருக்கிறது. தாயின் வயிற்றுக்குள் 38, 39 டிகிரியில் இருந்தது, ஒரே நிமிஷத்தில் 12 டிகிரியில் வந்து விழுகிறது. மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையை எடுத்துவிட்டு, தாயின் முன்னால் போட்டோம். தாய் நக்குவதைவிட நல்ல துவட்டல் கிடையாது. நக்க நக்க ரத்த ஓட்டமும் மூச்சும் சீராகும். தாய் நக்கி ஓய்ந்ததும், காய்ந்த சாக்குத் துண்டால் மயிருக்கு எதிர்த்திசையில் நாங்களும் அழுத்தித் தேய்த்தோம். காது, வால், நாலு கால், அடிவயிறு எல்லாம் காய்ந்து மயிர் பஞ்சு போல நிற்கிற வரைக்கும் விடக் கூடாது. தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் முக்கியாயிற்று.

அடுத்தது சீம்பால். எங்கள் பக்கத்தில் நஞ்சுக்கொடி விழுகிற வரைக்கும் கன்றை மடியில் விடக் கூடாது என்று ஒரு நம்பிக்கை இன்னமும் இருக்கிறது. பனி இரவில் அது கன்றின் உயிருக்கே உலை. கொடி விழ ஆறு மணி நேரம் ஆகலாம், எட்டு மணி நேரமும் ஆகலாம். அதுவரை கன்றிடம் இருப்பது உடம்பில் கொஞ்சம் கொழுப்பு மட்டும்தான், அதையும் சூட்டுக்காக எரித்துக்கொண்டிருக்கும். கன்று மடியை முட்டிக் குடித்தால் கருப்பை சுருங்கிக் கொடி சீக்கிரம் விழத்தான் வாய்ப்பு அதிகம். நோயைத் தடுக்கிற சக்தியும் கன்றுக்குச் சீம்பாலில்தான் கிடைக்கிறது. நேரம் ஆக ஆகக் குடல் அதை உறிஞ்சும் திறன் குறைந்து, ஒரு நாளில் நின்றே போய்விடுகிறது.

கணக்கு எளிது. எடையில் பத்தில் ஒரு பங்கு. 24 கிலோ கன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர். அதில் பாதியை முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மீதியை விடிவதற்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். எங்கள் கன்று எழுந்து நின்று தானாகவே மடியைத் தேடிக் குடித்தது. ஆனால் எவ்வளவு குடித்தது என்று தெரியாதே. அதனால் ஒரு லிட்டர் கறந்து பாட்டிலிலும் கொடுத்தோம்.

கறந்த சீம்பால் பனியில் பத்து நிமிஷத்தில் ஆறிவிடும். அடுப்பில் நேராக வைத்தால் என்ன ஆகும் என்று சீம்பால் கிண்டிச் சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும், திரண்டு கட்டியாகிவிடும். அதற்கு முன்னாலேயே அதில் இருக்கிற நோய் எதிர்ப்புப் பொருள் கெட ஆரம்பித்துவிடும், 60 டிகிரி தாண்டினாலே போயிற்று. எனவே ஒரு அகலமான பாத்திரத்தில் கை பொறுக்கிற வெந்நீரை ஊற்றி, அதற்குள் சீம்பால் பாத்திரத்தை வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தால் ஐந்து, பத்து நிமிஷத்தில் பதமாகிவிடும். கன்றின் உடம்புச் சூடு நம்முடையதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆகவே மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் "இளஞ்சூடாக இருக்கிறதே" என்று தோன்ற வேண்டும், ஒன்றுமே தெரியாமல் இருந்தால் அது ஆறிய பால். எவர்சில்வர் பாத்திரத்தையும் பாட்டிலையும் முதலில் வெந்நீரில் அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் பாத்திரமே பாலின் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் கொடுப்பது நம் வழக்கம்தான். கன்றின் பங்கு போன பிறகு கொடுக்கலாம்.

ராத்திரிப் பால்

சீம்பால் நாட்கள் முடிந்ததும் வருகிறது நிஜமான சிக்கல். பால் வண்டி வருகிற நேரத்துக்காக மாலையில் நாலரை, ஐந்து மணிக்கே கறந்துவிடுகிறோம். கன்றுக்கும் அப்போதே கொடுத்துவிடுகிறோம். அடுத்த பால் காலை ஆறு மணிக்கு. நடுவில் பதின்மூன்று மணி நேரம், அதுவும் நாளிலேயே மிகக் குளிரான பதின்மூன்று மணி நேரம், கன்று வெறும் வயிற்றோடு கிடக்கிறது. குளிரில் கழிச்சல் வரும் என்று பயந்து பாலைக் குறைக்கிறவர்களும் உண்டு. அது தலைகீழான வைத்தியம். அளவு கூடுவதைவிட, ஆறிய பால், அழுக்குப் பாத்திரம், ஒரே வேளையில் அதிகம் ஊட்டுவது, ஈரப் படுக்கை இவற்றால்தான் கழிச்சல் வருகிறது.

நாங்கள் பனி மாதங்களில் மூன்றாவதாக ஒரு வேளை வைத்திருக்கிறோம். வழக்கமான இரண்டு வேளைப் பாலில் கை வைப்பதில்லை. மாலைப் பாலில் அரை லிட்டர் எடுத்துக் காய்ச்சி மூடி வைத்து, ஒன்பதரை, பத்து மணிக்கு மறுபடி பதமாக்கிக் கொடுப்போம். தண்ணீர் கலப்பதில்லை. தண்ணீர் கலந்தால் வயிறு நிறையும், சூடு கிடைக்காது. லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் மாதத்துக்கு 15 லிட்டர், 525 ரூபாய். ஒரு கன்றுக்கு நிமோனியா வந்தால் மருந்துச் செலவே அதைத் தாண்டிவிடும், வளர்ச்சி நின்றுபோவதைக் கணக்கில் சேர்க்காமலேயே.

பால் குடித்துக் கால் மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் வைப்போம். பனிக்காலத்தில் தொட்டியில் இருக்கிற தண்ணீரைக் கன்று தொடாது. தண்ணீர் குடிக்காவிட்டால் தீவனமும் தின்னாது.

கன்றுக்குப் புகட்டும்போது தலையை மேலே தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயால் ஊற்றாதீர்கள். குளிரில் துவண்ட கன்றுக்கு விழுங்குகிற வேகம் குறைந்திருக்கும், பால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

ஒரு கன்று ஏற்கெனவே குளிரில் விறைத்துப்போயிருந்தால்? காது, கால் நுனி சில்லென்று இருப்பது முதல் அடையாளம். அடுத்து, வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாயின் உள்பக்கமே குளிர்ந்திருந்து, விரலைச் சப்பவும் இல்லையென்றால் நிலைமை மோசம். தெர்மாமீட்டர் வைத்தால் 101 முதல் 103 பாரன்ஹீட் வரை இருக்க வேண்டியது 100-க்குக் கீழே காட்டும். என் சித்தி வீட்டில் இப்படி ஒரு கன்று விடியற்காலையில் கிடந்தது, 96 தான் இருந்தது. சித்தி பதற்றத்தில் பால் பாட்டிலைத்தான் முதலில் கையில் எடுத்தார். வேண்டாம் என்று தடுத்தோம். முதலில் சூடு, அப்புறம்தான் பால்.

பெரிய அண்டாவில் கை பொறுக்கிற சூட்டில், 38, 40 டிகிரித் தண்ணீரில், கழுத்து வரைக்கும் கன்றை இறக்கித் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டோம். தண்ணீர் ஆற ஆற வெந்நீரை ஓரமாக ஊற்றினோம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகி 100-ஐத் தொட்டதும் வெளியே எடுத்து, சொட்டு ஈரம் இல்லாமல் துவட்டி, தாளில் படுக்க வைத்து, வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்தோம். விரலைச் சப்ப ஆரம்பித்த பிறகே இளஞ்சூட்டில் அரை லிட்டர் கொடுத்தோம். இதற்கு நடுவிலேயே 1962-க்குப் போன் செய்து கால்நடை ஆம்புலன்ஸையும் கூப்பிட்டாயிற்று. கன்று எழுந்துவிட்டது என்று டாக்டரை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. விறைத்த கன்றுக்கு உள்ளே வேறு கோளாறும் இருக்கலாம்.

குஞ்சுகளின் வட்டம்

கோழிக்குஞ்சுக்கும் இதே மூன்று விஷயம்தான், அளவு மட்டும் சின்னது. நாங்கள் வழக்கமாக 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை ஒரு தொகுதியாக எடுக்கிறோம். அட்டையையோ தகரத்தையோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக நிறுத்தினால், நாலடி விட்டம் 50 குஞ்சுக்குப் போதும். வட்டமாகத்தான் இருக்க வேண்டும். மூலை இருந்தால் குளிரில் எல்லாக் குஞ்சும் அந்த மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும், அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் செத்துவிடும். குளிரில் சாகிற குஞ்சுகளில் பல உண்மையில் இப்படி நசுங்கித்தான் சாகின்றன.

தரையில் மூன்று விரற்கடை உயரத்துக்கு நெல் உமி. குஞ்சுகள் வருவதற்கு முந்தின நாளே பல்பைப் போட்டுவிடுவோம். அன்றைக்கே போட்டால் காற்று சூடாகும், தரை சூடாகாது. இதைக் கண்டுபிடிக்கக் குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உமிக்குக் கீழே தரை இன்னும் குளிர்ந்தே இருக்கிறது.

பல்பு கணக்கு, பனிக்காலத்தில் குஞ்சுக்கு இரண்டு வாட். 50 குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு இரண்டு. ஒரே பெரிய பல்பு வேண்டாம், அது ஃபியூஸ் போனால் எல்லாம் போயிற்று. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், குஞ்சைக் காப்பாற்றுகிற அளவுக்குச் சூடு தராது. கடைகளில் இப்போது குண்டு பல்பு கிடைப்பதே அரிதாகிவிட்டது, அதனால் குஞ்சுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே பல்பை வாங்கி வைத்துவிடுவோம். பல்புகளை வட்டத்தின் ஒரு பாதியில் மட்டும், உமியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். சூடு அதிகமானால் குஞ்சு நகர்ந்துபோக இன்னொரு பாதி வேண்டும். கயிறு அறுந்து உமியில் விழாதபடி கம்பியால் கட்டுங்கள்.

குஞ்சின் முதுகு உயரத்தில் முதல் வாரம் 95 பாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். சமவெளியில் மூன்று வாரத்தில் பல்பை நிறுத்திவிடுவார்கள், எங்கள் பக்கம் இறக்கை முழுக்க முளைக்கிற நாலாவது, ஐந்தாவது வாரம் வரைக்கும் ராத்திரியில் வேண்டியிருக்கிறது. தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். பல்புக்குக் கீழே நெருக்கியடித்து விடாமல் கத்தினால் குளிர். பல்பை விட்டு விலகி, இறக்கையைத் தொங்கவிட்டு வாய் பிளந்தால் சூடு அதிகம். எல்லாம் வட்டத்தின் ஒரே ஓரத்தில் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது, ஊதுபத்தியை எடுங்கள். பரவலாகப் படுத்து மெல்லிய சத்தத்தோடு இருந்தால் எல்லாம் சரி. இதை மாலையில் பார்த்துப் பயனில்லை. ஒரு முறையாவது விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு எழுந்து பார்க்க வேண்டும்.

தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குஞ்சு வந்ததும் முதல் சில மணி நேரத்துக்கு அதில் கொஞ்சம் வெல்லம் கரைத்து வைப்போம். சில்லென்ற தண்ணீரைக் குஞ்சு குடிக்காது. தண்ணீர் குடிக்காத குஞ்சு தீனியும் எடுக்காது. இரவு ஒன்பது மணிக்கு நாலைந்து குஞ்சுகளின் இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். நிறைந்து மெத்தென்று இருந்தால் ராத்திரியைத் தாண்டிவிடும். கெட்டியாகக் கல் மாதிரி இருந்தால் தின்றிருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை. காலியாக இருந்தால் குளிரில் பல்பை விட்டு நகரவே இல்லை என்று அர்த்தம், தீனித் தட்டைச் சூட்டுப் பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும்.

கரண்ட் போகிற ராத்திரிக்கு ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும். மண்சட்டியில் கரி நெருப்பு வைப்பது பழைய வழக்கம். மூடிய அறையில் அதைச் செய்யவே கூடாது, கரியிலிருந்து வருகிற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, பக்கத்தில் தூங்குகிற மனிதருக்கும் ஆபத்து. நாங்கள் ஐந்து லிட்டர் கேனில் கை பொறுக்கிற சூட்டை விடக் கொஞ்சம் அதிகமான வெந்நீரை நிரப்பி, சாக்கில் சுற்றி, வட்டத்துக்கு நடுவில் வைத்துவிடுவோம். வட்டத்தின் மேலே முக்கால் பாகத்துக்குச் சாக்கு போட்டு மூடுவோம், கால் பாகம் காற்றுக்குத் திறந்திருக்கும். இரண்டு, மூன்று மணி நேரம் தாங்கும். அப்புறம் தண்ணீரை மாற்ற வேண்டும்.

அடைக்கோழியே குஞ்சு பொரித்திருந்தால் சூட்டை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் பனிக்காலத்தில் அதன் இறக்கைக்குள் எத்தனை அடங்குமோ அத்தனைதான். வெயில் காலத்தில் பதினைந்து முட்டை வைக்கிற பெட்டைக்கு மார்கழியில் ஒன்பது, பத்தோடு நிறுத்திவிடுவோம். பஞ்சாரத்தைக் கல் தரையில் நேராகக் கவிழ்க்காமல், சாக்கு விரித்து அதன் மேல் தாள் போட்டுக் கவிழ்க்க வேண்டும். வடக்குப் பக்கம் மட்டும் ஒரு சாக்கைச் சாத்தினால் போதும்.

மாசி பிறந்ததும் இன்னொரு தொல்லை வரும். பகலில் 30 டிகிரி வெயில், ராத்திரியில் மறுபடி குளிர். ராத்திரி போர்த்திய சாக்கைக் காலையில் கழற்ற மறந்தால் கன்று பத்து மணிக்கு வியர்த்து நனைந்துவிடும், அந்த ஈரத்தோடேயே மாலைக் குளிருக்குப் போகும். அதனால் அந்த மாதத்தில் சாக்கைக் கழற்றுவதும், தொங்கும் படுதாவைச் சுருட்டுவதும், குஞ்சு வட்டத்தின் பல்பை அணைப்பதும் வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரே ஆளின் பொறுப்பாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது காலை பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவரின் வேலை. பனி குறைகிறது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல், முதலில் சாக்கு, ஒரு வாரம் கழித்து ராத்திரிப் பால், கடைசியாகப் படுதா என்று நிறுத்துகிறோம். தாள் படுக்கையை மட்டும் கன்று மூன்று மாதம் தாண்டுகிற வரைக்கும் எடுப்பதில்லை.